20 நிமிடப் பேச்சு, கையில் 34 ஸ்லைடு: எதை வெட்டுவது?

அவசரக்குடுக்கை: திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் காலநிலை பற்றி 20 நிமிடம் பேசச் சொல்லிவிட்டார்கள். பசுங்குடில் விளைவு, ஓசோன் ஓட்டை, பாரிஸ் ஒப்பந்தம், பனிக்கரடி என்று 34 ஸ்லைடு சேர்ந்துவிட்டது. ஒத்திகை பார்த்தால் 50 நிமிடம் ஓடுகிறது. எதை எடுக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைமானி: எந்த வகுப்புப் பிள்ளைகள்? உட்கார்ந்திருப்பார்களா, நிற்பார்களா?

கரும்பலகை: இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. 34 ஸ்லைடு போடத் தெரிந்தவருக்கு வகுப்பைக் குறிப்பிடத் தெரியவில்லை!

சுந்தரி டீச்சர்: போன வருடம் எங்கள் பள்ளியில் மரம் நடுவிழா நடத்தினோம். 40 கன்றில் 6 பிழைத்தது. ஆடு.

சோதனைக்குழாய்: ஓசோன் ஓட்டையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் சார், அது வழியாகத்தானே சூடு உள்ளே வருகிறது. அப்புறம் ஒரு செய்முறை வையுங்கள். இரண்டு பாட்டில், இரண்டு வெப்பமானி. ஒன்றில் வினிகரும் ஆப்ப சோடாவும் போட்டுக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, விளக்கடியில் வைத்தால் அதில் சூடு கூடுதலாக ஏறும்.

மழைமானி: முதலில் எடுக்க வேண்டியதே ஓசோன்தான். அந்த ஓட்டை வழியாக வருவது புற ஊதாக் கதிர். பூமி சூடாவதற்குக் காரணம் வேறு: தரையிலிருந்து கிளம்பும் வெப்பம் வெளியே போகத் திணறுகிறது. குளிர்பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோகார்பன் இரண்டு பிரச்சினைக்கும் பங்காளி. அதனால்தான் இந்தக் குழப்பம். 20 நிமிடத்தில் அதை அவிழ்க்க முடியாது.

பாட்டில் சோதனையும் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு. பாட்டிலுக்குள் காற்று புரள்வது குறைவதால்தான் சூடு பெரும்பாலும் நிற்கிறது. வெப்பக் கதிரைத் தொடவே தொடாத ஆர்கானை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே அளவு ஏறும்.

சோதனைக்குழாய்: நான் பத்து வருடமாகச் செய்கிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மழைமானி: தவறாது சார். விடை சரியாக வரும், காரணம்தான் வேறு.

கரும்பலகை: அப்படிப் பார்த்தால் பசுங்குடில் வாயுக்களைப் பூமியின் 'போர்வை' என்று சொல்லும் உவமையும் தப்பு. போர்வையும் காற்றைத்தான் தடுக்கிறது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரும் அதே கதைதான். எல்லாவற்றையும் தூக்கிவிட்டு என்ன காட்டுவது?

மழைமானி: போர்வையை நான் வைத்துக்கொள்வேன். வெப்பம் வெளியே போவது தாமதமாகிறது என்ற அளவுக்கு அது போதும். நானாக இருந்தால் ஆறே ஸ்லைடு.

முதலில் ஒரு கேள்வி: சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். ஆனால் அதிகச் சூடு வெள்ளியில், சுமார் 465 டிகிரி. ஏன்? விடை சொல்லாமல் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். அடுத்தது வானிலையும் காலநிலையும். இன்று மழை வருமா என்பது வானிலை, ஐப்பசி பிறந்தால் குடையைத் தேடி எடுத்து வைப்பது காலநிலை. மூன்றாவது போர்வை: அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி மைனஸ் 18, இருப்பதால் சுமார் 15. வெள்ளிக்கு விடையும் இங்கேதான், அதன் காற்று கிட்டத்தட்ட முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு. நான்காவதுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், கீழே சொல்கிறேன். ஐந்தாவது, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளந்துவரும் கோடு: பத்து லட்சத்தில் 315 பங்காகத் தொடங்கியது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடைசி ஸ்லைடு காலி, கேள்விகளுக்கு.

நான்காவது இதுதான். தொழிற்சாலைகளுக்கு முன் 10,000 காற்று மூலக்கூறில் ஏறக்குறைய 3 கார்பன் டை ஆக்சைடு, இப்போது 4. "இவ்வளவுதானா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அரை லிட்டர் தண்ணீரில் சுமார் 10,000 சொட்டு இருக்கும். ஒரு பாட்டிலில் 3 சொட்டு நீலம், இன்னொன்றில் 4 விட்டுக் குலுக்கித் தூக்கிக் காட்டுங்கள். இரண்டுமே நீலமாகத் தெரியும். மீதி 9,996 சொட்டு ஒளியை அப்படியே விட்டுவிடுகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரை விடுவது மாதிரி.

கரும்பலகை: மூன்றுக்கும் நாலுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

மழைமானி: தெரியாமல் போகலாம். வீட்டில் ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

அவசரக்குடுக்கை: மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். 6 முதல் 9 வரை, தமிழ் வழி. கூட்டம் மைதானத்தில், நின்றுகொண்டுதான். புரொஜெக்டரை வராந்தாவில் வைப்பார்களாம்.

மழைமானி: காலை வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது! இதை முதலிலேயே சொல்லக்கூடாதா? மௌனா லோவா கோட்டை மட்டும் பெரிய சார்ட்டில் தடியாக வரையுங்கள். மற்றதெல்லாம் வாயும் பாட்டிலும்தான். நிற்கும் பிள்ளைகளுக்கு 12 நிமிடம் போதும்.

சுந்தரி டீச்சர்: ஆறாம் வகுப்பை முன்னால் உட்கார வையுங்கள். மயங்கி விழும்.

அவசரக்குடுக்கை: முடிந்தது. மைக் பாதியில் நின்றுவிட்டது. பாட்டில் முதல் மூன்று வரிசைக்குத்தான் தெரிந்தது. புதனா வெள்ளியா என்று வகுப்புக்குப் போகும்வரை சண்டை. நன்றி.

புதியவன்: ஐயா, அந்த 34 ஸ்லைடை எனக்கு அனுப்ப முடியுமா?