பயோவில் நான் இன்னும் டிபிஏவாகவே தெரிகிறேன், எங்கே தவறு?

தெம்பனிஸ்காரன்: வணக்கம். 14 வருடமாக டேட்டாபேஸ் வேலை, பெரும்பகுதி டேட்டாபேஸ்களைப் பராமரிக்கும் டிபிஏவாக. அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில். ஒன்றரை வருடமாக ஆறு பேருக்கு மேனேஜர். லிங்க்ட்இன் பயோ ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் சொல்கிறேன்: "14 ஆண்டு அனுபவமுள்ள ஒராக்கிள் நிபுணர். 40 டேட்டாபேஸ்களை கிளவுடுக்கு மாற்றியவர். டியூனிங், பேக்கப் இரண்டிலும் தேர்ந்தவர். தற்போது ஒரு குழுவையும் வழிநடத்துகிறார்." போன வாரம் மேனேஜர் வேலைக்காகப் பேசிய ரெக்ரூட்டர், "குழு உண்மையிலேயே உங்களிடம்தான் ரிப்போர்ட் செய்கிறதா?" என்று கேட்டுவிட்டார்.

ஈசூன்வாசி: டெக்னிக்கல் விஷயம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். "மக்களை வளர்க்கும் தலைவர்" என்று தொடங்குங்கள், போதும்.

உட்லண்ட்ஸ் சேகர்: என்னையும் மேனேஜராகச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். திரும்ப டெக்னிக்கல் பக்கம் வர நினைக்கிறீர்களா?

தெம்பனிஸ்காரன்: இல்லை அண்ணே, இதிலேயே தொடரத்தான் ஆசை.

பொங்கோல் மலர்: ஈசூன்வாசி சொன்னதில் வரிசையை மாற்றுவது சரி. ஆனால் "மக்களை வளர்க்கும் தலைவர்" என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் ஆள் எடுக்கும்போது அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன்.

உங்கள் கோளாறு அந்த "குழுவையும்" என்பதில் இருக்கிற "உம்"தான். குழுவை நடத்துவது உபரி வேலை போலத் தெரிகிறது. அதுவும் கடைசி வரியில். போனில் பார்ப்பவருக்கு முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும்.

14 வருடம், 40 டேட்டாபேஸ் என்பதெல்லாம் நீங்கள் செய்தது. உங்களால் மற்றவர்கள் செய்ய முடிந்தது என்ன? நீங்கள் பொறுப்பேற்றபோது, இரவில் டேட்டாபேஸில் கோளாறு என்று வரும் அழைப்பை யார் எடுத்தார்கள்? இப்போது யார் எடுக்கிறார்கள்?

தெம்பனிஸ்காரன்: அப்போது நானும் இன்னொருவரும் மட்டும். வாரம் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பழக்கினேன். இப்போது ஆறு பேரும் முறை வைத்து எடுக்கிறார்கள், நான் எடுப்பதில்லை. ஒரு ஜூனியர் சீனியராகிவிட்டார்.

பொங்கோல் மலர்: தம்பி, பயோ இதுதான்! ஜூனியரின் பெயரோ அப்ரைசல் விவரமோ வேண்டாம். "அனுபவமிக்க தலைவர்" என்றும் போடாதீர்கள், ஒன்றரை வருடத்துக்கு அது தாங்காது. ஒராக்கிள் ஒரு வரியில் இருக்கட்டும். டிபிஏக்கள் உங்கள் பேச்சை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு அதுதான் பதில்.

தெம்பனிஸ்காரன்: இப்படி மாற்றினேன்: "ஆறு பேர் கொண்ட டேட்டாபேஸ் குழுவை நடத்துகிறேன். இருவரை மட்டுமே நம்பியிருந்த இரவுப் பணியை இன்று ஆறு பேரும் முறை வைத்துச் செய்கிறார்கள். ஒருவர் சீனியராக உயர்ந்திருக்கிறார். அதற்கு முன் 12 ஆண்டுகளுக்கு மேல் ஒராக்கிள் டிபிஏ, 40 டேட்டாபேஸ்களை கிளவுடுக்கு மாற்றிய அனுபவம்."

ஈசூன்வாசி: நன்றாக இருக்கிறது. அப்போ பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் இருந்தும் ஒராக்கிளை எடுத்துவிடலாமே?

பொங்கோல் மலர்: அங்கேதான் எனக்கும் தயக்கம். ரெக்ரூட்டர்கள் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். எடுத்தால் டிபிஏ வேலைக்கான அழைப்பு குறையும், ஆனால் டேட்டாபேஸ் மேனேஜர் தேடுபவரும் தவறவிடலாம். "டேட்டாபேஸ் குழு மேலாளர், ஒராக்கிள்" என்று ஒரு மாதம் வைத்து, எந்த வேலைக்கு அழைக்கிறார்கள் என்று பாருங்கள்.