'பிளான்'ங்கிற சொல்லுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்?

கதிரவன், காரிமங்கலம்:

எல்லாருக்கும் வணக்கம். முதல்தடவை வீடு கட்டுறவங்க இன்ஜினியர் குடுக்குற பிளானைத் தாங்களே படிச்சுக்கிற மாதிரி ஒரு சின்ன கையேடு எழுதிட்டிருக்கேன், முதல் வார்த்தையிலயே மாட்டிக்கிட்டேன். பிளான்னுதான் எல்லாரும் சொல்றோம், ஆனா சொல்லைப் பார்த்தாலே அது என்ன படம்னு புரியணும்னு ஆசை. 'மேல்தோற்றம்'னு எழுதி என் மச்சான்கிட்ட காட்டினேன். மேல இருந்து பார்த்தா மொட்டமாடிதானே தெரியும், ரூமு எப்படித் தெரியும்னு கேட்டுட்டாரு. பதில் சொல்ல முடியல.

செல்வி, பாலக்கோடு:

தம்பி, மேல்தோற்றம் சரியான சொல்தான். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பெட்டி வரையும்போது அதைத்தான் சொல்லிக் குடுக்குறோம். உங்க மச்சானுக்கு, கூரையைத் தூக்கி ஓரமா வச்சிட்டு மேல இருந்து எட்டிப் பாக்குறதா நெனச்சுக்கோங்கன்னு ஒரு வரி சேர்த்தா போதும். பழகின சொல் இருக்கும்போது புதுசு எதுக்கு?

ரவி, கிருஷ்ணகிரி:

டீச்சர், பாதிதான் ஒத்துக்குவேன். கூரையை மட்டும் தூக்கிட்டா கதவு ஜன்னல் எதுவுமே தெரியாது. கதவுக்கு மேல லிண்டல் இருக்கு, அதுக்கு மேல கூரை வரைக்கும் சுவர் இருக்கு, அதனால மேல இருந்து பார்த்தா சுவர் இடைவெளியே இல்லாம ஓடும். பிளான்ங்கிறது தரையில இருந்து சுமார் 4 அடி உயரத்துல வீட்டையே படுக்கை வாக்குல அறுத்து, மேல்பாதியை எடுத்துட்டு கீழ்பாதியைப் பாக்குறது. இது ஒன்னு மண்டையில ஏறிட்டா படத்துல இருக்குற ஒவ்வொரு கோடும் ஏன் அப்படி இருக்குன்னு தானா புரிஞ்சிடும்.

சுவர் அறுபடுது, அதனால ரெண்டு பக்கமும் தடிச்ச கோடு. ஜன்னல் 3 அடியில ஆரம்பிச்சு 7 அடியில முடியுது, 4 அடியில அறுத்தா ஜன்னல் நடுவுல போகுது, அதான் சுவரோட தடிச்ச கோடு அங்க நின்னு சன்னக் கோடுங்க ரெண்டு மூணு ஓடுது. கதவு தரையிலயே ஆரம்பிக்குறதால அங்க இடைவெளி, கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு காட்ட ஒரு கால் வட்டம். 3 அடி கதவுன்னா அந்த வட்டம் உள்ள 3 அடி இடத்தைப் பிடிக்கும், அதுக்குள்ள கட்டில் முனையோ பீரோவோ வந்தா கதவு முழுசா திறக்காது. கிச்சன் மேடை 4 அடிக்குக் கீழ இருக்கு, அறுபடல, மெல்லிசுக் கோடு. பாத்ரூம் வெண்டிலேட்டரும் லாஃப்டும் 4 அடிக்கு மேல, அதனால விட்டு விட்டுப் போற கோடு. நிறைய பேரு அந்த விட்டு விட்டுப் போற கோட்டை இடிக்க வேண்டிய சுவர்னு நெனச்சுக்குறாங்க. பழைய வீட்டை மாத்திக் கட்டுற பிளான்ல அப்படியும் போடுவாங்க, புது வீட்டுல அது தலைக்கு மேல இருக்குற சமாச்சாரம்.

அதனால சொல்லுல அறுக்குறது வரணும். 'தளவெட்டுப் படம்'னு வைக்கலாமா?

மாதேஷ், பர்கூர்:

நல்ல நேரத்துல ஆரம்பிச்சீங்க, எனக்கும் பிளான்லதான் பிரச்சனை. 1:100 ஸ்கேல்னு கீழ போட்டிருக்கு, 10 அடி ரூமுன்னு எழுதியிருக்கு, ஸ்கேல் வச்சு அளந்தா 7 அடிதான் வருது. இன்ஜினியர் ஏமாத்துறாரா? ஃபோன்ல வந்த ஃபைலை கடையில குடுத்துதான் பிரிண்ட் எடுத்தேன்.

ரவி, கிருஷ்ணகிரி:

மாதேஷ், இங்க பேரு வைக்கிறதைப் பத்திதான் பேச்சு, இருந்தாலும் சொல்லிடறேன். அவரு ஏமாத்தல. A3 தாளுக்குப் போட்ட பிளானை கடையில A4ல சுருக்கி எடுத்திருப்பாங்க. 1:100ல 10 அடிங்கிறது தாள்ல 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரணும், உங்களுக்கு 21, 22 தான் வந்திருக்கும், அதான் 7 அடி. எழுதியிருக்குற நம்பரை மட்டும் நம்புங்க, தாளை அளக்காதீங்க. நம்பர் எழுதாத இடம்னா இன்ஜினியரையே கேளுங்க.

சரவணன், அரூர்:

ரவி சார், அப்பா கூட இருவது வருஷமா சைட்ல நிக்கிறேன், அந்தப் பேரு வேணாம் சார். எங்க ஆளுங்களுக்கு தளம்னா மேல போடுற கான்கிரீட்டு. 'தளம் போட்டாச்சா'ன்னா கூரை போட்டாச்சான்னு அர்த்தம். வெட்டுன்னா அஸ்திவாரத்துக்கு வானம் வெட்டுறது. தளவெட்டுன்னு சொன்னா போட்ட கூரையை எதுக்கு வெட்டுறீங்கன்னு கேப்பாங்க.

கதிரவன் அண்ணா, பேரை விட உங்க கையேட்டுல முக்கியமா வர வேண்டியது 'உள்கூடு'ங்கிற சொல்லு, அது எங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. ரூமுக்குள்ள சுவருக்குச் சுவர் அளவுதான் உள்கூடு. போன வருஷம் ஒருத்தரு, 10 அடி ரூமு ரெண்டு பக்கத்துல பக்கத்துல, வீடு 20 அடி அகலம்னு கணக்குப் பண்ணி, பக்கவாட்டுல எவ்வளவு இடம் மிச்சம்னு முடிவு பண்ணி போர் போட்டுட்டாரு. பிளான்ல 10 அடிங்கிறது உள்கூடு. வெளிச்சுவர் 9 இஞ்ச், நடுச்சுவர் நாலரை, அந்தப் பக்கம் இன்னொரு 9, சுவரு மட்டும் இருவத்திரெண்டரை இஞ்ச். மொத்தம் 21 அடி பத்தரை இஞ்ச். வானம் தோண்ட கயிறு கட்டும்போதுதான் தெரிஞ்சுது, போருக்கும் சுவருக்கும் நடுவுல ஆளு போக இடமில்ல. அவரு பிளான்ல சுவரோட ரெண்டு கோட்டையும் ஒரே கோடாப் பாத்திருக்காரு. நடுச்சுவரு பாதி தடிமன்தான்னு உத்துப் பாத்தா தாள்லயே தெரியும்.

அப்புறம் அந்த 10 அடி செங்கல்லுக்குச் செங்கல். உள்ள ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் பூச்சு வந்தா 9 அடி 11 இஞ்ச்தான் கையில நிக்கும். சரியா 10 அடிக்கு அலமாரி செஞ்சு எடுத்துட்டு வந்தா நுழையாது.

செல்வி, பாலக்கோடு:

சரவணா, உள்கூடு அருமையான சொல், அப்படியே எடுத்துக்கலாம், வெளிச்சுவரோட சேர்த்த அளவை வெளிக்கூடுன்னு சொல்லிக்கலாம். ரவி சார் சொன்ன 4 அடி விஷயம் எனக்குப் புதுசு, மேல்தோற்றத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். படத்துக்குப் பேரு கிடைக்கலன்னாலும் அந்த அறுக்குற உயரத்துக்குப் பேரு வேணும். 'அறுமட்டம்'னு யோசிச்சேன், ஆனா ஆறு மட்டம்னு படிச்சிடுவாங்க.

ரவி, கிருஷ்ணகிரி:

'வெட்டுமட்டம்'? மட்டம்ங்கிறது மேஸ்திரி வாயில தினமும் வர்ற சொல்லு. வெட்டுமட்டத்துக்கு மேல இருந்தா விட்டு விட்டுப் போற கோடு, கீழ இருந்தா மெல்லிசுன்னு எழுதினா புரியும்.

சரவணன், அரூர்:

அது பரவால்ல சார், மட்டம் கூட வர்றதால தோண்டுறதுன்னு நெனக்க மாட்டாங்க. படத்துக்கு 'அறைப்படம்'னு வைக்கலாமே.

செல்வி, பாலக்கோடு:

திண்ணை, போர்ட்டிகோ, படிக்கட்டு இதெல்லாம் அறை இல்லையே சரவணா. சைட்ல கேட்டுப் பாருங்க.

கதிரவன், காரிமங்கலம்:

உள்கூடு, வெளிக்கூடு, வெட்டுமட்டம் மூணையும் கையேட்டுல போட்டுட்டேன். தலைப்புல இப்போதைக்கு பிளான்னே இருக்கட்டும். மச்சான்கிட்ட 4 அடி விஷயத்தைச் சொன்னேன், உடனே அவரு வீட்டு பிளானை எடுத்து பாத்ரூம்ல இருந்த விட்டு விட்டுப் போற கோட்டைக் காட்டி இது வெண்டிலேட்டரான்னு கேட்டாரு. மாடிப்படி பாதியில வளைஞ்ச கோடு போட்டு நிறுத்தியிருக்கே, அதுவும் வெட்டுமட்டத்தாலதானா ரவி சார்?

ரவி, கிருஷ்ணகிரி:

ஆமா, படி ஏறிட்டே போய் 4 அடியைத் தாண்டுற இடம் அதுதான்.