கலைச்சொல் விவாதம்: ‘ஸ்டெப்ஸ் டு ரீபுரொடியூஸ்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

செண்பகம் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூல் வணிக நிறுவனத்தில் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளை அதன் தயாரிப்பாளர்கள் அண்மையில் இற்றைப்படுத்தினார்கள். அன்று முதல் ஒரு விளக்கப்படம் வெறுமையாக வருகிறது. தயாரிப்பாளர்கள் தமிழில் எழுதும் மடல்களுக்குத் தமிழிலேயே மறுமொழி தருபவர்கள் என்பதால், முறையீட்டை முழுக்கத் தமிழில் எழுத விரும்புகிறேன். வரைவு இது:

> ஐயா, வணக்கம். இற்றைப்படுத்தலுக்குப் பிறகு ‘மாதவாரி அனுப்புகை’ விளக்கப்படம் வெறுமையாக உள்ளது. அச்சுகளும் மாதப் பெயர்களும் தெரிகின்றன, கோட்டைக் காணவில்லை.
>
> ________ : அறிக்கைகள் பகுதியில் ‘மாதவாரி அனுப்புகை’யைத் திறந்து, நூல் வகையில் 40ஆம் நம்பரைத் தேர்ந்தெடுத்து, ‘காட்டு’ பொத்தானை அழுத்தவும். 80ஆம் நம்பருக்கு இதையே செய்தால் கோடு சரியாக வருகிறது.

கோடிட்ட இடத்தில் வர வேண்டிய தலைப்புதான் என் கேள்வி. தயாரிப்பாளர் தம் கணினியில் இதே பிழையைக் காண்பதற்குச் செய்ய வேண்டியவை என்பதே அதன் பொருள். ‘மறு உற்பத்திப் படிகள்’ என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்த்தேன். நூற்பாலைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இராமநாதன் எழுதியது:

‘மீளுருவாக்கப் படிகள்’ என்பதே பொருத்தம். ‘மீளுருவாக்கம்’ ஏற்கெனவே பல இடங்களில் வழங்குகிறது. புதிதாக ஒன்றைப் படைத்துப் பரப்புவதைவிட வழக்கில் உள்ளதைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் நெடுநாள் கருத்து. பிழையைப் பொறுத்தவரை, இற்றைப்படுத்தலுக்குப் பிறகு உலாவியில் பழைய கோப்புகள் தங்கிவிடுவது வழக்கம். Ctrl+F5 அழுத்திப் பக்கத்தைப் புதிதாக ஏற்றினால் படம் வந்துவிடும், மடலே தேவைப்படாது.

தவராசா எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் இதனை ‘வரைபு’ என்போம். ‘விளக்கப்படம்’ என்றால் மாணவர்கள் வேறு படங்களை நினைப்பார்கள். எங்கள் பாடசாலைப் புள்ளி விவர மென்பொருளிலும் இதே சிக்கல் வந்தது. முதல் தாவலில் உள்ள வரைபு நன்றாக இருக்கும். இரண்டாம் தாவலைத் திறந்தால் வெறும் வெள்ளைதான். உலாவிச் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்துச் சிறிது இழுத்தால் உடனே தோன்றிவிடும். உங்களுக்கும் அப்படி வருகிறதா என்று பாருங்கள். சொல்லுக்கு, ‘மீளநிகழ்த்தல்’ என்பதைப் பரிசீலிக்கலாம்.

கௌசல்யா எழுதியது:

‘இற்றைப்படுத்தல்’ என்பதைவிட ‘புதுப்பிப்பு’ பலருக்கும் புரியும். கைபேசிகளிலும் அப்படித்தான் உள்ளது. அதையே பயன்படுத்துங்கள்.

அறிவழகன் எழுதியது:

கௌசல்யா அவர்கள் குறிப்பிட்ட சொல் நன்றே. ஆனால் செண்பகம் கேட்டது கோடிட்ட இடத்துக்கான சொல்லை. இந்த மடலில் சொல்லும் பிழையும் ஒன்றையொன்று தெளிவாக்குகின்றன என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பிழை. ‘வெறுமை’ எல்லாம் ஒன்றல்ல. அச்சுகள்கூட இல்லாமல் பகுதி முழுவதும் வெள்ளையாக இருந்தால், வரைய வேண்டிய நிரல் பாதியில் நின்றிருக்க வாய்ப்பு மிகுதி. தவராசா ஐயா சொன்னது இன்னொரு வகை: மறைந்திருக்கும் தாவலுக்குள் படத்தை வரையும்போது அந்தப் பகுதியின் அகலம் சுழியமாக இருக்கிறது, சாளரத்தை இழுக்கும்போது அகலம் மீண்டும் கணக்கிடப்படுவதால் படம் வருகிறது. செண்பகம் சொல்வது மூன்றாவது வகை. அச்சுகளும் மாதப் பெயர்களும் வந்திருக்கின்றன என்றால் வரையும் நிரல் கடைசிவரை ஓடியிருக்கிறது. வரைவதற்குரிய எண்கள் மட்டும் அதற்கு எண்களாகத் தெரியவில்லை. நிலை அச்சில் என்ன அளவுகள் உள்ளன என்று பாருங்கள். 0 முதல் 1 வரை மட்டும் இருந்தால் என் ஐயம் ஏறத்தாழ உறுதியாகும், ஏனெனில் எண்ணே கிடைக்காதபோது பல வரைகருவிகள் தாமாக இட்டுக்கொள்ளும் அளவு அது.

40ஆம் நம்பருக்கும் 80ஆம் நம்பருக்கும் மாதந்தோறும் எத்தனை கிலோ என்பதையும் எழுதுங்கள். பிழை நூலின் நம்பரைச் சார்ந்தது என்று மடல் சொல்கிறது. நான் அதை நம்பவில்லை.

இனிச் சொல். ‘உருவாக்கு’ என்றால் அதற்கு ஒரு பொருள் வேண்டும். சிதைந்த சிற்பத்தை மீளுருவாக்கலாம். பிழை ஒரு பொருளன்று, நிகழ்வது. ‘மறுநிகழ்வு’ என்று போட்டால் அது தானாகத் திரும்ப வருவதைக் குறிக்கும். தயாரிப்பாளருக்கு வேண்டியது அதுவும் அன்று. தாம் விரும்பும் நேரத்தில், தம் கையால், பிழையை வரச் செய்ய வேண்டும். நிகழ் என்பது தன்வினை, நிகழ்த்து என்பது பிறவினை. அந்த ஒரு ‘த்து’வில்தான் செய்பவர் உள்ளே வருகிறார். ஆகவே ‘மீள்நிகழ்த்து’ என்ற வினையிலிருந்து தொடங்கலாம். ‘மீள்நிகழ்த்தும் படிகள்’, ‘மீள்நிகழ்த்த முடிந்தது’, ‘மீள்நிகழ்த்த இயலவில்லை’ என்று எல்லா வடிவமும் தடையின்றி வருகின்றன. கடைசி வடிவம் முதன்மையானது, ஏனெனில் தயாரிப்பாளர்கள் முறையீட்டை மூடும்போது மிகுதியாக எழுதுவது அதைத்தான்.

செண்பகம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. Ctrl+F5 அழுத்தியும், சாளரத்தை இழுத்தும் மாற்றமில்லை. நிலை அச்சில் 0 முதல் 1 வரைதான் இருக்கிறது. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு 80ஆம் நம்பர் 640, 710, 585 கிலோ. 40ஆம் நம்பர் 1,280, 1,460, 1,395 கிலோ. 60ஆம் நம்பரையும் எடுத்துப் பார்த்தேன். ஏப்ரலில் 940, அடுத்த இரண்டு மாதங்களில் 1,050, 1,120. அதன் படத்தில் ஏப்ரலுக்கு ஒரு புள்ளி தனியாக நிற்கிறது, வேறெதுவும் இல்லை.

அறிவழகன் எழுதியது:

அந்த ஒற்றைப் புள்ளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆயிரத்துக்குக் கீழுள்ள எண்கள் வருகின்றன, ஆயிரமும் அதற்கு மேலும் வருவதில்லை. இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு காற்புள்ளிதான். புதிய பதிப்பில் எண்களை நம் முறைப்படி காற்புள்ளியிட்டு அழகாகக் காட்டும் வசதியைச் சேர்த்து, காட்டுவதற்காக வடிவமைத்த அந்த எழுத்துச்சரத்தையே வரைகருவிக்கும் அனுப்பியிருக்கிறார்கள் என்று கருதுகிறேன். உலாவியில் F12 அழுத்தி, Console எனப்படும் முனையத்தில் இவற்றைத் தட்டிப் பாருங்கள்:

```
Number("940")           // 940
Number("1,280")         // NaN
parseFloat("1,280")     // 1
```

இரண்டாம் வரிதான் உங்கள் வெறுமை. எண்ணல்லாத புள்ளியை வரைகருவி சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை.

மூன்றாம் வரியைக் குறித்து எனக்குக் கவலை உண்டு. அவசரத்தில் யாரேனும் `parseFloat` போட்டுச் சரிசெய்தால் கோடு வந்துவிடும். ஆனால் 1,280 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 1 கிலோ என்று வரையப்படும். வெறுமையான படத்தைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்பார்கள். தவறான கோட்டை நம்பி முதலாளி கொள்முதலைத் தீர்மானித்துவிடுவார். ஆகவே மடலில் ‘கோடு வர வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மாதத்துக்கு எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எண்ணை எண்ணாகவே வரைகருவிக்குக் கொடுத்து, காற்புள்ளியைத் திரையில் காட்டும்போது மட்டும் இடுவதே சரியான தீர்வு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

இராமநாதன் எழுதியது:

காற்புள்ளி விளக்கத்தை ஏற்கிறேன். சொல்லில் உடன்பாடில்லை. ‘மீள்நிகழ்த்து’ என்றால் எனக்கு நாடகத்தை மறுபடி மேடையேற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. வாடிக்கையாளர் சேவையில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் இந்தத் தலைப்பைப் படித்துத் தடுமாறினால் செண்பகத்தின் வேலைதான் தாமதமாகும்.

தவராசா எழுதியது:

அந்த இளைஞருக்காக ‘பிழையை’ என்ற சொல்லை முன்னே சேர்த்துவிடலாமே. ‘பிழையை மீள்நிகழ்த்தும் படிகள்’ என்றால் நாடகத்தை யாரும் நினைக்கப்போவதில்லை. தனிப்பெயராக வேண்டும்போது ‘மீள்நிகழ்த்தல்’ என்பதா, நான் சொன்னபடி ‘மீளநிகழ்த்தல்’ என்பதா என்ற கேள்வி நிற்கிறது. எங்கள் பேச்சில் ‘மீள’ என்பதுதான் இயல்பாக வரும்: மீளப்பெறுதல், மீளச்செலுத்துதல்.

செண்பகம் எழுதியது:

முனையத்தில் அறிவழகன் ஐயா சொன்னபடியே விடைகள் வந்தன. எங்கள் விற்பனைத் தகவல்களை வெளியே காட்டாமல், யார் கணினியிலும் செய்யக்கூடியதாகப் படிகளை மாற்றி எழுதியிருக்கிறேன்:

> பிழை: இற்றைப்படுத்தலுக்குப் பிறகு, ஆயிரமும் அதற்கு மேற்பட்ட எண்களும் ‘மாதவாரி அனுப்புகை’ விளக்கப்படத்தில் வரையப்படுவதில்லை.
>
> பிழையை மீள்நிகழ்த்தும் படிகள்:
> 1. அமைப்புகளில் எண் வடிவம் காற்புள்ளியுடன் இருப்பதை உறுதிசெய்யவும்.
> 2. ‘சோதனை’ என்று ஒரு புதிய நூல் வகையைச் சேர்த்து, ஏப்ரலுக்கு 999 கிலோ, மே மாதத்துக்கு 1000 கிலோ எனப் பதியவும்.
> 3. அறிக்கைகள் பகுதியில் அந்த வகைக்கு ‘மாதவாரி அனுப்புகை’யைத் திறந்து ‘காட்டு’ பொத்தானை அழுத்தவும்.
>
> நிகழ்வது: ஏப்ரலுக்கு ஒரு புள்ளி மட்டும் வருகிறது. மே மாதத்துக்கு எதுவும் இல்லை. பிழைச்செய்தியும் இல்லை.
>
> நிகழ வேண்டியது: ஏப்ரலில் 999, மே மாதத்தில் 1000 என்ற உயரங்களை இணைக்கும் கோடு வர வேண்டும்.
>
> குறிப்பு: எண் வடிவத்தைக் காற்புள்ளியின்றி மாற்றினால் கோடு சரியாக வருகிறது. முந்தைய பதிப்பில் காற்புள்ளியுடனும் சரியாக வந்தது.

கடைசிக் குறிப்பில் உள்ளதை நேற்று மாலை சோதித்துப் பார்த்தேன். மறுமொழி வரும்வரை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். தலைப்பை மாற்றவில்லை, படிகள் கீழேயே இருப்பதால் சேவைப் பிரிவினர் தடுமாறமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இராமநாதன் எழுதியது:

மடல் நன்றாக இருக்கிறது. நான் பராமரிக்கும் சொற்பட்டியலில் ‘மீளுருவாக்கம்’ தொடரும். பக்கத்தில் ‘மீள்நிகழ்த்தல்’ என்பதையும் சேர்க்கிறேன். எது நிலைக்கிறது என்று பார்ப்போம்.

அறிவழகன் எழுதியது:

இரண்டு சேர்க்கைகள். பழைய பதிப்பின் எண், புதிய பதிப்பின் எண், உலாவியின் பெயர் ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் மாறிய நிரலை மட்டும் அவர்கள் பார்த்தால் போதும். திரைப்பிடிப்போடு நிற்காமல், அந்த அறிக்கையின் சி.எஸ்.வி. கோப்பையும் இணையுங்கள். அதில் மே மாதத்து எண் 1000 என்று வெறுமனே இருக்கிறதா, மேற்கோள் குறிகளுக்குள் "1,000" என்று இருக்கிறதா என்பதைக் கண்டால், காற்புள்ளி சேவையகத்தில் நுழைகிறதா, உலாவியில் நுழைகிறதா என்பதற்கு அவர்களுக்கு ஒரு தடயம் கிடைக்கும்.

தவராசா ஐயா, உங்கள் இரண்டாம் தாவல் சிக்கலுக்குத் தனி இழை தொடங்குங்கள். அதற்கான படிகள் முற்றிலும் வேறு.