புதுப்பிப்பு: உரிமக் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது

முன்பு கேட்டது: "தொழில் உரிமம் புதுப்பிக்க விண்ணப்பிச்சு ஆறு வாரம் ஆச்சு. நிலை கேட்டு நகராட்சிக்கு எழுதின கடிதத்துக்கும் பதில் இல்லை. என்ன செய்யலாம்?"

முதல் கடிதத்தில் பழைய உரிம எண்ணை மட்டும்தான் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இங்கே சொன்னதுதான் சரி: புதுப்பித்தல் கோப்பை விண்ணப்ப எண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். இரண்டாவது கடிதத்தின் பொருள் வரியை இப்படி மாற்றினேன்:

"தொழில் உரிமம் புதுப்பித்தல் – விண்ணப்ப எண் …, நாள் … – தற்போதைய நிலை கோருதல்."

கீழே உரிம எண், கடை முகவரி, கட்டண ரசீது எண், கட்டிய தேதி. ரசீது நகலும் இணைத்தேன். கேள்வி ஒன்றே ஒன்று: கோப்பு யாரிடம், எதற்காக நிற்கிறது?

ஒன்பதாம் நாள் பதில். ரசீதில் உரிம எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்ததால், பணம் என் விண்ணப்பத்தோடு சேரவே இல்லையாம். எண்ணை அப்படித் தவறாகத் தட்டியது நான்தான்!

"நேரில் போனால் போதும், கடிதம் வீண்" என்ற நண்பருக்கு: போனேன், ஆனால் கடித நகலில் வாங்கிய வரவு முத்திரையைக் காட்டிய பிறகுதான் கோப்பைத் தேடினார்கள். சொத்து வரிப் பெயர் மாற்றம் கேட்ட அக்கா, அது வேறு பிரிவு, எனக்குத் தெரியாது.

திருத்த மனு கொடுத்தாச்சு. தாமதக் கட்டணம் விழுமா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.