ராஜினாமா மெயில், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க

தர்மபுரி வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு நாலு வருஷமா கோடு எழுதுறேன். ஜூன் 2 ராஜினாமா அனுப்பணும், நோட்டீஸ் 60 நாள். அனுப்புற நாளையும் எண்ணினா ஜூலை 31, எண்ணாட்டி ஆகஸ்ட் 1. முந்தின கம்பெனியில தேதி எழுதாம விட்டு, ஒரு நாள் குறையுதுன்னு சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. அதனால இப்படி:

"இதையே என் ராஜினாமாவாக ஏற்கவும். கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 1. என் முதல் ரிலீஸ் சொதப்பிய இரவில் இரண்டு மணி வரை கூட இருந்தீர்கள், நன்றி. இரவு ஓடும் பில்லிங் ஜாபுக்கு ஆள் சொன்னால், முதல் மாதம் அவர் பார்க்கட்டும். அடுத்த மாதம் அவரே ஓட்டட்டும், நான் துணை இருக்கிறேன்."

வெளியே வந்த பிறகு ஆக்சஸ் இருக்காது. அப்பவும் போன்ல சந்தேகம் கேட்கலாம்னு எழுதணுமா? எழுதினா எத்தனை வாரம்னு போடறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.