ஃபண்ட் மாற்றக் கோரிக்கை: எந்த நாளின் யூனிட் விலை, எத்தனை மாற்றத்துக்குக் கட்டணம்?

கரைவேலி:
என் யூனிட் இணைந்த பாலிசியில் பங்கு ஃபண்டில் 6,000 யூனிட்டுகளும், கலப்பு ஃபண்டில் 1,000 யூனிட்டுகளும் இருந்தன. இரண்டையும் முழுமையாகக் கடன்பத்திர ஃபண்டுக்கு மாற்றும்படி ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இணையவழியாகக் கோரினேன். அன்றைய விலை கிடைக்க வேண்டுமானால் கோரிக்கை 3 மணிக்குள் சேர வேண்டும் என்று ஒப்பந்தம் கூறுகிறது. நான் 2.51-க்குச் சமர்ப்பித்தேன். ஆனால் ஓடிபி தாமதமாக வந்ததால், ஒப்புகையில் 3.06 என்று பதிவாகியிருந்தது. அதனால் எனக்குத் திங்கட்கிழமை விலையே வழங்கப்பட்டது.

கோரிக்கைப் பக்கத்தில் பங்கு ஃபண்டின் விலை 33.10 என்று இருந்தது, கணக்கறிக்கையிலோ 31.75 என்று வந்துள்ளது. பங்கு ஃபண்டில் மட்டும் நான் எதிர்பார்த்த 1,98,600-க்குப் பதிலாக 1,90,500 கிடைத்தது, அதாவது 8,100 குறைவு. இதற்கு மேல் 250 மாற்றக் கட்டணமும் பிடித்திருக்கிறார்கள். பாலிசி ஆண்டுக்கு நான்கு மாற்றங்கள் இலவசம். இதற்கு முன் மூன்றுதான் செய்திருந்தேன். இதில் எதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு, எது என் பொறுப்பு என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

நீலவானம்:
வணக்கம். 3 மணிக்கு முன் சேர்ந்தால் அன்றைய விலை, பின் சேர்ந்தால் அடுத்த வேலைநாளின் விலை என்பதே விதி. ஆகவே நான் எப்போதும் காலையிலேயே கோரிக்கையை அனுப்பிவிடுவேன். திரையில் தெரியும் விலை அப்படியே கிடைத்துவிடும். நீங்கள் 2.51 வரை காத்திருக்காமல் இருந்திருந்தால் 33.10 கிடைத்திருக்கும். அந்த 8,100 முழுவதும் தாமதத்தால் வந்த இழப்பு என்றே கருதுகிறேன்.

பழைய பேரேடு:
பாலிசி சேவைப் பிரிவில் பல ஆண்டுகள் இந்தக் கோரிக்கைகளைக் கையாண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீலவானம் அவர்கள் சொன்ன நேர விதி சரியானது. திரை விலை பற்றிச் சொன்னது சரியன்று. ஒரு நாளின் யூனிட் விலை, அன்றைய சந்தை முடிந்து, ஃபண்டிலுள்ள சொத்துகளை மதிப்பிட்டு, செலவுகளைக் கழித்த பிறகுதான் உருவாகிறது. வெள்ளிக்கிழமை காலையிலோ பிற்பகலிலோ திரையில் தெரிவது வியாழக்கிழமை விலைதான். அதிகாலையிலேயே கோரியிருந்தாலும் 33.10 கிடைத்திருக்காது. எந்த விலையில் மாறப்போகிறோம் என்பது தெரியாமலேயே கோர வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. தெரிந்த விலையில் மாற அனுமதித்தால், அந்த லாபத்துக்கான செலவு ஃபண்டிலேயே தங்கியிருக்கும் மற்றவர்கள் தலையில் விழும்.

எனவே கரைவேலி அவர்களே, வெள்ளிக்கிழமைக்கு நிறுவனம் பின்னர் வெளியிட்ட விலையைத் தேடி எடுங்கள். உங்கள் 8,100-ஐ இரண்டாகப் பிரிக்க அது உதவும். வியாழனுக்கும் வெள்ளிக்கும் இடையிலான இறக்கம் யாராலும் தவிர்க்க முடியாதது. அதைக் கேட்டுப் பயனில்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே 3 மணி விவகாரத்தைச் சேர்ந்தது. அதைக் கணக்கிடும்போது வெளியேறும் ஃபண்டுகளை மட்டும் பார்க்காதீர்கள். கடன்பத்திர ஃபண்டின் விலையும் அதே நாளுக்குரியதாகத்தான் எடுக்கப்படும் என்பதால், வெள்ளிக்கிழமை மாறியிருந்தால் எத்தனை யூனிட்டுகள் கிடைத்திருக்கும் என்று பார்த்து, இப்போது கிடைத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஓடிபி உறுதியான பிறகு கோரிக்கை நிறுவனத்தின் கணினியில் பதிவாகும் நொடியைத்தான் பெரும்பாலும் கணக்கில் கொள்வார்கள். முகவரிடம் தாளைக் கொடுத்த நேரமும் செல்லாது. அலுவலகம் பெற்றுக்கொண்டு முத்திரையிட்ட நேரமே செல்லும். ஆனாலும் ஓடிபி அனுப்பிய நேரம் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும். அவர்களே தாமதமாக அனுப்பியிருந்தால், சரியான நாளின் விலையில் திருத்தம் கோருவதற்கு அது வலுவான சான்று. உரிய நேரத்தில் அனுப்பியும் உங்கள் கைப்பேசி வலையமைப்பில் தங்கிவிட்டிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும். கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டு, அந்த இரண்டு நேரங்களையும் எழுத்தில் கேளுங்கள்.

தென்னங்கீற்று:
எனக்கும் இதே குழப்பம் நேர்ந்தது. கடன்பத்திர ஃபண்டுக்கு மாற்றச் சொல்லிப் படிவம் கொடுத்தேன். கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை, எந்த நாளின் விலை என்ற பேச்சும் எழவில்லை. ஆனால் அடுத்த அறிக்கையைப் பார்த்தால், பழைய யூனிட்டுகள் எல்லாம் பங்கு ஃபண்டிலேயே இருக்கின்றன. அதன் பிறகு செலுத்திய பிரீமியம் மட்டும் கடன்பத்திர ஃபண்டுக்குப் போயிருக்கிறது. உங்களுக்கும் கட்டணமில்லாமல் செய்து தரும்படி கேட்கலாமே?

பழைய பேரேடு:
தென்னங்கீற்று அவர்களே, உங்களுக்கு நடந்தது ஃபண்ட் மாற்றம் அன்று. இனி வரும் பிரீமியத்தைத் திருப்பிவிடும் கோரிக்கை. இரண்டும் வேறு வேறு. சில நிறுவனங்களில் ஒரே படிவத்தில் அடுத்தடுத்த கட்டங்களாக அச்சிட்டிருப்பார்கள். சேர்ந்த தொகையும் மாற வேண்டுமானால் தனியாக மாற்றக் கோரிக்கை கொடுங்கள். கரைவேலி அவர்கள் நேர்மாறாகச் சரிபார்க்க வேண்டும்: சேர்ந்த தொகை மாறிவிட்டது, அடுத்த பிரீமியம் இன்னும் பழைய ஃபண்டுகளுக்கே போகும்படி இருக்கக்கூடும்.

கரைவேலி:
மிக்க நன்றி ஐயா. பிரீமியப் பங்கீடு பழையபடியே இருந்தது. உடனே திருத்தச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பங்கு ஃபண்டின் விலை 32.40. ஆகவே 8,100-இல் 4,200 வியாழனுக்கும் வெள்ளிக்கும் இடையே போனது, அதை விட்டுவிட்டேன். மீதி 3,900-தான் நேரம் தொடர்பானது. கலப்பு ஃபண்டின் விலை இரு நாள்களிலும் 28.50 என்றே இருந்தது. கடன்பத்திர ஃபண்ட் வெள்ளியன்றும் திங்களன்றும் 20.00 என்று நின்றதால் கணக்கு எளிதாயிற்று. வெள்ளிக்கிழமை மாறியிருந்தால் 11,145 யூனிட்டுகள் கிடைத்திருக்கும். இப்போது கிடைத்தவை 10,950. குறைந்த 195 யூனிட்டுகளைக் குறிப்பிட்டு, ஓடிபி நேரத்தையும் கேட்டு எழுதியுள்ளேன். ஓடிபி 2.52-க்கு உருவாக்கப்பட்டதாகப் பதில் வந்திருக்கிறது. எப்போது அனுப்பப்பட்டது என்பதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கட்டணமாகக் கடன்பத்திர ஃபண்டில் 12.5 யூனிட்டுகளை நீக்கியிருக்கிறார்கள். நான் அனுப்பியது ஒரே கோரிக்கை, ஒரே கோரிக்கை எண். ஆனால் வெளியேறிய ஃபண்டுகள் இரண்டு என்பதால் நான்காவது, ஐந்தாவது என்று இரண்டாக எண்ணியதாக விளக்கம் தருகிறார்கள்.

மணல்மேடு:
என் பாலிசியில் மூன்று ஃபண்டுகளிலிருந்து ஒரே நாளில் மாற்றியதை ஒரு மாற்றமாகவே எண்ணினார்கள். ஆனால் என் ஒப்பந்தத்தில் ‘ஒரே நாளில் பெறப்படும் கோரிக்கைகள் ஒன்றாகக் கருதப்படும்’ என்ற வரி வெளிப்படையாகவே இருந்தது.

பழைய பேரேடு:
எண்ணும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமன்று, ஒரே நிறுவனத்தின் பாலிசிக்குப் பாலிசியும் வேறுபடும். இணையப் பக்கத்தில் எழுதியிருப்பதையோ அழைப்பு மையம் சொல்வதையோ வைத்து வாதிடாதீர்கள். உங்கள் பாலிசி ஆவணத்தின் கட்டணப் பகுதியில் இருக்கும் சொற்களே செல்லும். ‘ஒவ்வொரு கோரிக்கைக்கும்’ என்று மட்டும் இருந்தால், ஒரே எண் கொண்ட ஒப்புகையை இணைத்து அந்த 12.5 யூனிட்டுகளைத் திரும்பக் கேட்பது நியாயம். பணமாகக் கேட்காமல் யூனிட்டுகளாகவே கேளுங்கள். திருத்தம் நடக்கும் நாளில் விலை ஏறியிருந்தால், பணமாகத் தரும் 250-க்கு அத்தனை யூனிட்டுகள் வாராது.

கரைவேலி:
ஆவணத்தைப் பார்த்தேன். ‘இலவச எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்று இருக்கிறது. மாற்றம் என்பது கோரிக்கையா, ஃபண்டா என்று எங்கும் விளக்கவில்லை. அந்தப் பத்தியை அப்படியே மேற்கோள் காட்டி, எந்த விதியின்படி இரண்டாக எண்ணினீர்கள் என்று குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். இதே சொற்றொடர் உள்ள பாலிசியில் எவருக்கேனும் கட்டணம் திரும்பக் கிடைத்திருந்தால், எந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இங்கே பகிருங்கள்.