சிறுகீரைப் பொரியல்: ஆப்பில் பச்சை எடையா, வெந்த எடையா?

பாலக்கோட்டான்
உழவர் சந்தையில் வாங்கிய சிறுகீரையை ஆய்ந்து எடை போட்டேன், 250 கிராம். பொரியல் செய்து இறக்கினால் வெங்காயம், தாளிப்பு எல்லாம் சேர்த்தே 120 கிராம்தான். சாப்பிடுவதைக் கணக்கு எழுதும் ஆப்பில் `Amaranth leaves, raw` என்றும் `Amaranth leaves, cooked, boiled, drained, without salt` என்றும் இரண்டு இருக்கிறது. எதில், எவ்வளவு எழுதுவது?

ஓசூர்க்காரன்
தட்டில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் தம்பி. வெந்ததை எடை போட்டால் வெந்த பதிவு, பச்சையை எடை போட்டால் பச்சைப் பதிவு. சோற்றுக்கும் இதே விதிதான். நீ சாப்பிட்டது 120, அதனால் `cooked` பதிவில் 120. 250 என்று எழுதினால் அடுப்பில் போன 130 கிராமையும் நீ சாப்பிட்டதாகக் கணக்கு வரும்.

விடுதிச்சமையல்
விதி சரி, இந்தப் பொரியலுக்குப் பொருந்தாது. அடுப்பில் போனது வெறும் தண்ணீர். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஆவியாகிப் போகாது, வாணலியிலேயேதான் இருக்கும்.

அந்த `cooked` பதிவின் பெயரை முழுதாகப் படியுங்கள். தண்ணீரில் வேகவைத்து வடித்த கீரை அது. வடித்த கீரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் 100 கிராமுக்குத் தண்ணீர் மட்டும் சுமார் 91 கிராம். பச்சைக் கீரையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால்தான் இரண்டு பதிவிலும் 100 கிராமுக்கான எண்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன: பச்சைக்கு 23 கலோரி, வடித்ததற்கு 21. நம் பொரியல் அப்படியில்லை. ஈரம் சுண்டச் சுண்ட வதக்குகிறோம், மிச்சமிருப்பது அடர்த்தியான கீரை.

இப்படிச் சரிபார்க்கலாம். 250 கிராம் பச்சைக் கீரையில் தண்ணீர் போக சுமார் 20 கிராம் திடப்பொருள் இருக்கும். வடித்த பதிவில் 120 என்று எழுதினால் ஆப் அதை 10 கிராமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதி எங்கே போனது? நீங்கள் எதையும் வடித்துக் கொட்டவில்லையே.

பச்சைப் பதிவில் 250 எழுதுங்கள். எண்ணெயும் வெங்காயமும் தனி வரி.

தகடூர்_தாத்தா
களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக்கு இவ்வளவு தகராறா! 250 கிராமுக்கு 58 கலோரி, 120 கிராமுக்கு 25. வித்தியாசம் 33. தாளிக்க ஊற்றும் ஒரு டீஸ்பூன் எண்ணெயே 40-ஐத் தாண்டும். முதலில் எண்ணெயை ஒழுங்காக எழுதுகிறாயா தம்பி?

பாலக்கோட்டான்
எண்ணெயை எழுதிவிடுகிறேன் தாத்தா. எனக்குக் கலோரியைவிடக் கால்சியம்தான் முக்கியம். பால் குடித்தால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு வழியில் எழுதினால் சுமார் 540 மில்லிகிராம் வருகிறது, இன்னொரு வழியில் 250தான். அதனால்தான் கேட்டேன்.

ஓசூர்க்காரன்
சரி, வாதத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பச்சை எடை மட்டும் நம்பத் தகுந்ததா? சந்தைக் கட்டில் பாதி வேரும் தண்டும். வாடாமல் இருக்கக் கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். வீட்டில் கழுவிவிட்டு எடை போட்டால் இலையில் ஒட்டிய தண்ணீரும் சேரும். வெந்த எடையில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

விடுதிச்சமையல்
நியாயமான கேள்வி. கட்டோடு எடை போடக் கூடாது. வேரும் முற்றிய தண்டும் கழித்து, நறுக்கப் போகும் கீரையை மட்டும் போட வேண்டும். கழுவுவதற்கு முன்னால் போடுவது நல்லது. கட்டே நனைந்து வந்திருந்தால் துணியில் பரப்பி ஈரம் வற்றியபின் போடுங்கள். அப்புறமும் கொஞ்சம் பிழை இருக்கும். ஆனால் வெந்த எடையில் வரும் பிழை அதைவிடப் பெரியது. இன்று ஐந்து நிமிடம் கூட வதக்கினால் 120 என்பது 100 ஆகிவிடும், கீரை அதேதான்.

அரூர்_அக்கா
என் வீட்டுக்காரருக்குக் கிட்னி பிரச்சினை, பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் வதக்கித்தான் கொடுக்கிறேன். கீரை பாதியாகச் சுண்டுகிறதே, பொட்டாசியமும் பாதியாகக் குறைந்துவிடும் அல்லவா?

விடுதிச்சமையல்
இல்லை அக்கா, இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். வதக்கினால் பொட்டாசியம் எங்கும் போகாது. இந்த 250 கிராமில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வெந்த பதிவில் 120 என்று எழுதினால் ஆப்பில் 770 காட்டும். குறைந்தது எழுத்தில் மட்டும்தான், உடம்புக்குள் முழுசாகவே போகிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால்தான் ஒரு பகுதி வெளியேறும்.

ஓசூர்க்காரன்
அப்படியா? ஆப்பின் பட்டியலில் 100 கிராமுக்குப் பொட்டாசியம் பச்சைக்கு 611, வடித்ததற்கு 641. வடித்தால் குறையும் என்கிறீர்கள், எண் கூடியல்லவா இருக்கிறது?

விடுதிச்சமையல்
பார்த்தேன். ஒரே கட்டை முன்னும் பின்னும் அளந்ததாக அந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொள்ள முடியாது. கீரை விளைந்த மண், இலையின் பருவம் எல்லாம் மாறும். அதே பட்டியலில் பாலக்கீரைக்கு வடித்தபின் 558-லிருந்து 466 ஆகக் குறைகிறது. ஆனால் அக்கா வீட்டுச் சமையலில் எவ்வளவு போகும் என்று அந்தப் பட்டியலை வைத்து என்னால் சொல்ல முடியாது. நானாக இருந்தால் வடித்தாலும் பச்சை எடையையே எழுதி, கூடுதலாகக் காட்டினாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ரத்தப் பரிசோதனை முடிவை வைத்து டாக்டர் சொல்லட்டும்.

அரூர்_அக்கா
அப்போது கடைசல் செய்தால்? அதில் தண்ணீரை வடிப்பதே இல்லை.

விடுதிச்சமையல்
கடைசலில் எல்லாம் சட்டியிலேயே இருக்கும் அக்கா. எடை கூடத்தான் செய்யும், சுண்டாது. கீரை 300 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம் போட்டுத் தண்ணீர் விட்டுக் கடைந்தால் 600 கிராம் வருகிறது என்று வையுங்கள். வெறும் சட்டியின் எடையை முதலிலேயே எழுதி வைத்துக் கழித்துவிட்டால் இந்த 600 கிடைக்கும். உங்கள் கிண்ணத்தில் 150 கிராம் எடுத்தால் அது நான்கில் ஒரு பங்கு. எழுத வேண்டியது பச்சைக் கீரை 75, பச்சைப் பருப்பு 12 அல்லது 13. பொரியலுக்கும் இதே கணக்குத்தான்: பச்சை எடையில் உங்கள் பங்கு எவ்வளவோ அது.

தகடூர்_தாத்தா
சுருக்கமாக, வெந்ததை இரண்டால் பெருக்கினால் பச்சை வந்துவிடும். எதற்கு ஒவ்வொரு நாளும் தராசு?

விடுதிச்சமையல்
இந்தச் சிறுகீரைப் பொரியலுக்கு இரண்டு வருகிறது, அதுவும் இவர் வதக்குகிற பதத்துக்கு. முருங்கைக்கீரையில் தண்ணீரே குறைவு, அது இப்படிச் சுண்டாது. கடைசலுக்கு இரண்டால் பெருக்கினால் கணக்கே தலைகீழாகிவிடும். தினமும் ஒரே கீரையை ஒரே மாதிரி செய்பவர் ஒரு முறை அளந்து தன் எண்ணை வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

ஓசூர்க்காரன்
வீட்டில் சமைப்பவருக்கு இதெல்லாம் சரி. நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். இலையில் ஒரு கரண்டி பொரியல் விழுகிறது, பச்சை எடை யாருக்குத் தெரியும்? என் விதிதான் எனக்கு வழி.

விடுதிச்சமையல்
அங்கே உங்களுக்கு வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். கரண்டியில் விழுந்தது ஈரம் சொட்டச் சொட்ட இருந்தால் வடித்த பதிவு ஓரளவு பொருந்தும். உதிரி உதிரியாக இருந்தால் எடையை ஒன்றரை மடங்காவது கூட்டி எழுதுங்கள்.

ஓசூர்க்காரன்
ஒன்றரை எங்கிருந்து வந்தது? இதுவும் தாத்தாவின் இரண்டு மாதிரி ஊகம்தானே.

விடுதிச்சமையல்
ஊகம்தான். மெஸ் சமையல்காரரிடம் அவர் எத்தனை கிலோ கீரை போட்டார் என்று கேட்டால் ஊகம் தேவைப்படாது.